உரையாடலில் இருந்து கணக்கேட்டுக்கு

தெருமுனையில் ஒரு பலகாரக் கடை. வாடிக்கையாளர்கள் முறுக்கும் அதிரசமும் வேண்டுமென்று வாட்ஸ்ஆப்பில் எழுதிவிடுகிறார்கள். மாதக் கடைசியில் கடைக்காரர் கைபேசியைத் தள்ளித் தள்ளிப் படித்து நோட்டில் கூட்டுகிறார். இந்த உரையாடலை நேரே கணக்குத் தாளுக்கு மாற்ற முடியுமா? முடியும். ஆனால் ஓரிடத்தில் கவனம் வேண்டும்.

ஆண்ட்ராய்டு கைபேசியில் உரையாடலைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, More, Export chat, Without media என்று வரிசையாகச் சென்றால் ஓர் எழுத்துக் கோப்பு கிடைக்கும். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு கோப்பு. அதைத் திறந்தால் இப்படி இருக்கும் (பெயர் கற்பனை):

```
05/03/25, 7:42 pm - கமலா: அண்ணா, நாளைக்கு
முறுக்கு 2 கிலோ
அதிரசம் 20
05/03/25, 7:50 pm - கமலா: முறுக்கு 3 கிலோ ஆக்கிடுங்க
05/03/25, 8:05 pm - கமலா: <Media omitted>
```

வரிகள் எத்தனை? ஐந்து. செய்திகள் எத்தனை? மூன்றுதான்! கமலா முதற் செய்தியை மூன்று வரிகளாக எழுதினார். செய்தியின் முதல் வரிக்கு மட்டுமே தேதியும் பெயரும் உண்டு. தொடரும் வரிகளுக்கு இல்லை. கணக்குத் தாளோ ஒவ்வொரு வரியையும் தனித்தனி வரிசையாகவே வைக்கும். தொல்லையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கோப்பில் உள்ளதை நகலெடுத்து, கூகுள் ஷீட்ஸில் A நிரலில் ஒட்டுங்கள். காற்புள்ளி உள்ள இடமெல்லாம் வெட்டிப் பிரிக்கலாமே என்று தோன்றும். அவ்வாறு செய்தால் ‘அண்ணா, நாளைக்கு’ என்பதும் இரண்டாகிவிடும். அதனால் B1 கட்டத்தில் இந்த வாய்பாட்டை எழுதிக் கீழே இழுப்போம்:

```
=REGEXEXTRACT(A1,"^(\d+/\d+/\d+), (.+?) - ([^:]+): (.*)$")
```

அடைப்புக்குறிகள் நான்கு இருக்கின்றன அல்லவா? அவை முறையே தேதி, நேரம், பெயர், செய்தி ஆகியவற்றைப் பிடித்து B முதல் E வரை நான்கு நிரல்களில் வைக்கும். தேதியில்லாத வரி இந்த அமைப்புக்குப் பொருந்தாது. ஆகவே அங்கே `#N/A` என்று தோன்றும். அதைக் கண்டு அழித்துவிடாதீர்கள். அது பிழையன்று, ஓர் அடையாளம்: ‘நான் மேல்வரியைச் சேர்ந்தவன்’ என்று அந்த வரி சொல்கிறது. மேலே உள்ள தேதியையும் பெயரையும் அந்த வரிசையில் நிரப்புங்கள். வாட்ஸ்ஆப் தானாக இடும் அறிவிப்பு வரிகளும் பெயரில்லாததால் இவ்வாறே நிற்கும். அவற்றை மட்டும் நீக்கலாம்.

அடுத்தது தேதி. வாய்பாடு தருவது எழுத்துத்தான், இன்னும் தேதியாகவில்லை. தாளின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் மார்ச் 5 மே 3 ஆகிவிடும். எனவே File, Settings என்று சென்று Locale என்பதை India ஆக்கிய பின் `=DATEVALUE(B1)` என எழுதி, விடையைத் தேதி வடிவில் காட்டச் செய்யுங்கள். சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மாதத்தின் 13ஆம் தேதிக்குப் பிந்தைய வரிசைகளைப் பாருங்கள். பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், அமைப்பு தவறாக இருந்தால் அங்கே `#VALUE!` என்று வந்துவிடும்.

இனி பொருள், அளவு, விலை, தொகை என நான்கு நிரல்கள் சேர்த்து நாமே படித்து நிரப்ப வேண்டும். முறுக்கு கிலோ 300 ரூபாய், அதிரசம் ஒன்று 10 ரூபாய் எனக் கொள்வோம். கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டினால் முறுக்கு 2+3, அதாவது 5 கிலோ. அதற்கு 1500 ரூபாய், அதிரசத்துக்கு 200, ஆக 1700. `#N/A` வரிகளை அழித்துவிட்டவருக்கு முறுக்கு 3 கிலோ மட்டுமே தெரியும். அவர் 900 என்பார். உண்மையில் கமலா கேட்டது என்ன? இரண்டை மூன்றாக மாற்றச் சொன்னார். அதிரசம் அப்படியே இருக்கிறது. எனவே 900+200, அதாவது 1100 ரூபாய். ஒரே உரையாடல், மூன்று விடைகள்!

கடைசி வரியில் உள்ள `<Media omitted>` என்ன? அது படமாகவோ குரற்பதிவாகவோ இருக்கலாம். பணம் செலுத்திய சீட்டின் படமாகவும் இருக்கலாம்; ‘அதிரசம் வேண்டாம்’ என்ற குரலாகவும் இருக்கலாம். கைபேசியில் அந்த நேரத்துக்குச் சென்று பார்த்த பிறகே வரிசையை முடிக்க வேண்டும்.

அடுத்த மாதம் மறுபடி கோப்பு எடுக்கும்போது பழைய செய்திகளும் சேர்ந்தே வரும். முன்பு ஏற்றிய கடைசித் தேதி, நேரத்துக்குப் பின் உள்ளவற்றை மட்டும் ஒட்டாவிட்டால், கமலாவின் 1100 ரூபாய் இரண்டு முறை ஏறிவிடும். மேலும் உரையாடல் காட்டுவது கேட்டதை. கல்லாப்பெட்டி காட்டுவது வந்ததை. நாள்தோறும் தாளின் கூட்டுத்தொகையைக் கையிருப்பு, வங்கிக் கணக்கு, கடன் பாக்கி ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு வந்தால், முதலில் தேட வேண்டிய இடம் அந்த `#N/A` வரிகளே.