புதிய சீருடை ஒழுங்கு: அறிவிப்பில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது?



நமது அறக்கட்டளையின் மருத்துவ மையப் பணியாளர்களுக்குப் புதிய சீருடை, தோற்ற ஒழுங்கு பற்றிய அறிவிப்பு வழங்கப்பட்டுள்ளது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பலர் நம் மஹல்லா வீட்டுப் பிள்ளைகள். "ஹிஜாபைக் கழற்றச் சொல்கிறார்களாமே, தாடியை எடுக்கச் சொல்கிறார்களாமே" என்று சில வீடுகளில் பேச்சு எழுந்திருக்கிறது. அறிவிப்பில் அப்படி ஒரு வரியும் இல்லை. என்ன இருக்கிறது என்பதை இங்கே விளக்குகிறோம்.

முதலில் சட்டைக் கை. புண்ணுக்குக் கட்டுப் போடும்போதும், ரத்தம் எடுக்கும்போதும் நீண்ட கையின் நுனி நோயாளியின் மேல் படும். பிறகு அதே நுனி அடுத்த நோயாளியின் மேலும் படும். கையைக் கழுவிவிடலாம், ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் துணியைத் துவைக்க முடியாது. துணி மூடியிருந்தால் மணிக்கட்டும் சரியாகக் கழுவப்படாது. இதனால்தான் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 2007 முதல் முழங்கைக்குக் கீழே துணி, கைக்கடிகாரம், வளையல் கூடாது என்ற முறை வந்தது. கையை மறைக்க விரும்பும் முஸ்லிம் பெண்களுக்கு அது சிரமமானது. 2010இல் வந்த வழிகாட்டுதல் ஒரு வழியைச் சொன்னது: முழங்கையிலும் மணிக்கட்டிலும் எலாஸ்டிக் வைத்த, ஒருமுறை பயன்படுத்தும் மேலுறையை அணியலாம். ஆனால் கையுறையைப் போலவே ஒரு நோயாளிக்குப் போட்டதை அவரோடு கழற்றி எறிந்துவிட வேண்டும். நாமும் அதையே எடுத்துக்கொண்டோம்.

அறிவிப்பின் அந்தப் பகுதி இப்படி இருக்கிறது:

"கட்டுப் போடும் அறையிலும் ரத்தம் எடுக்கும் இடத்திலும் பணி செய்யும்போது மட்டும் சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றிக்கொள்ளவும். கையை மறைத்துக்கொள்ள விரும்பும் சகோதரிகளுக்கு மேலுறை அந்த அறையிலேயே வைக்கப்பட்டிருக்கும், காரணம் கேட்கப்படாது. ஹிஜாப் வழக்கம்போல் அணியலாம். அதன் முனை தொங்காமல் சீருடைக்குள் செருகியிருக்கட்டும். குத்தூசிக்குப் பதிலாகத் தைத்த ஹிஜாப் மூன்று அறக்கட்டளைச் செலவில் வழங்கப்படும்."

மூன்று ஏன்? ஒன்று உடுத்த, ஒன்று துவைக்க, ஒன்று பணி நேரத்தில் ரத்தமோ மருந்தோ பட்டால் மாற்ற. குத்தூசி வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு: குனிந்து வேலை செய்யும்போது அது கழன்று நோயாளியின் மேல் விழலாம், கையுறையைக் கிழிக்கலாம்.

அடுத்தது தாடி. சாதாரண மூன்றடுக்கு முகக்கவசத்துக்குத் தாடி தடையே இல்லை. காசநோய் சந்தேகமுள்ளவரை அருகிலிருந்து கவனிக்கும்போது அணியும் என்95 கவசம் வேறு. அதன் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் காற்று வடிகட்டப்படும். முடி இருந்தால் காற்று ஓரத்தால் நுழைந்துவிடும். அணிந்தபின் இரு கைகளாலும் கவசத்தை மூடி வேகமாக மூச்சை விட்டால், ஓரத்தில் காற்று கசிவது தெரியும். இரண்டு நாள் முளைத்த முடிகூட இந்த ஒட்டுதலைக் கெடுக்கும். எனவே "தாடியைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தால் மனமும் புண்படும், பயனும் இருந்திருக்காது. ஆகவே அறிவிப்பு ஆளைப் பற்றிப் பேசாமல் பணியைப் பற்றிப் பேசுகிறது:

"என்95 தேவைப்படும் பணிக்குத் தாடி வைத்திருக்கும் சகோதரர்கள் நியமிக்கப்பட மாட்டார்கள், அதற்கு ஈடான வேறு பணி தரப்படும். சம்பளத்திலோ விடுப்பிலோ மாற்றம் இராது."

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஒரு நேரப் பணியில் இருப்பவர் அனைவரும் தாடி வைத்திருந்தால் இந்த மாற்று நடக்காது. அதனால் ஒவ்வொரு நேரத்திலும் என்95 ஒட்டும் ஒருவராவது இருக்கும்படி பணிப் பட்டியலை முன்கூட்டியே போடுகிறோம்.

நகத்தைப் பொறுத்தவரை, விரல் நுனியைத் தாண்டாமல் வெட்டியிருக்க வேண்டும். நோயாளியைத் தொடுபவர்கள் ஒட்டு நகமும் நகப்பூச்சும் தவிர்க்க வேண்டும். மருதாணிக்குத் தடையில்லை, அது தோலில் ஏறும் நிறம்தான், கை கழுவுவதற்கு இடைஞ்சல் செய்யாது.

அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு முன், இந்த மாற்றம் நேரடியாகத் தொடும் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினோம். சகோதரிகளிடம் பெண் மேற்பார்வையாளரே பேசினார். பலகையில் யார் பெயரும் இல்லை. நடைமுறைக்கு வர 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் உடையின் அளவிலோ துணியிலோ சிரமம் இருந்தால் அவரிடமே சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை அங்கே பணியில் இருந்தால், அறிவிப்பின் நகலை வாங்கி ஒருமுறை படித்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். அல்லாஹ் நம் அனைவரின் பணியையும் ஏற்றுக்கொள்வானாக, ஆமீன்.