ஷார்ப் விகிதம் பார்க்காத மாதம்

ஒரு முதலீட்டு நிதி ஆண்டுக்கு 12 விழுக்காடு இலாபம் தந்தது என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த இலாபத்துக்காக எவ்வளவு ஆட்டத்தைத் தாங்க வேண்டியிருந்தது என்றும் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் ஒரே எண்ணில் காட்டத்தான் அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் ஷார்ப் 1966-இல் ஒரு விகிதத்தை முன்வைத்தார். இன்று அதை அவர் பெயராலேயே ஷார்ப் விகிதம் என்கிறோம்.

கணக்கு எளிது. நிதியின் சராசரி இலாபத்திலிருந்து, ஆபத்தில்லாமல் வங்கியிலேயே கிடைத்திருக்கக்கூடிய வட்டியைக் கழிக்க வேண்டும். மீதியை, இலாபத்தின் ஏற்ற இறக்கத்தால் வகுக்க வேண்டும். ஏற்ற இறக்கத்தை அளப்பது கூடுதல் கணிதத்தில் நாம் படிக்கும் அதே திட்ட விலக்கம்தான்.

இரண்டு கற்பனை நிதிகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது சாதாரணப் பங்கு நிதி. ஒரு மாதம் 5 விழுக்காடு ஏறும், அடுத்த மாதம் 3 விழுக்காடு இறங்கும். சராசரி 1, திட்ட விலக்கம் 4. இரண்டாவது நிதி காப்புறுதி நிறுவனம் போல நடந்துகொள்கிறது. “சந்தை பலமாகச் சரிந்தால் உங்கள் நட்டத்தை நாங்கள் ஏற்கிறோம்” என்று மற்ற முதலீட்டாளர்களுக்கு வாக்களித்து, மாதாமாதம் கட்டணம் வாங்குகிறது. சந்தை மொழியில் இதற்கு ‘புட் ஆப்ஷன்’ விற்பது என்று பெயர். இதற்கு ஒரு மாதம் 2.5 விழுக்காடு இலாபம், அடுத்த மாதம் அரை விழுக்காடு நட்டம். சராசரி அதே 1, ஆனால் திட்ட விலக்கம் 1.5 மட்டுமே.

வங்கி வட்டி மாதம் 0.25 விழுக்காடு என்று வைத்தால், இரண்டுக்கும் மீதி 0.75. அதைத் திட்ட விலக்கத்தால் வகுத்து, ஆண்டுக் கணக்காக்க 12-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் பங்கு நிதிக்கு 0.65, காப்புறுதி நிதிக்கு 1.73. இரண்டு ஆண்டுகள் இப்படியே போனால் காப்புறுதி நிதியில் போட்ட 10,000 ரிங்கிட் சுமார் 12,660 ஆகிவிடும். பங்கு நிதியில் 12,460. விகிதத்தைப் பார்ப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

இருபத்தைந்தாவது மாதம் சந்தை சரிகிறது. பங்கு நிதி 12 விழுக்காடு இழக்கிறது. கையில் 10,965 ரிங்கிட் மிஞ்சுகிறது. காப்புறுதி நிதி கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். அது 30 விழுக்காடு இழந்தால் மிஞ்சுவது 8,865 தான். போட்ட முதலே குறைந்துவிட்டது. சரிவின் ஆபத்து முதல் நாளிலிருந்தே அந்த நிதிக்குள் இருந்தது. அந்த ஆபத்தை ஏற்றதற்கான கூலிதான் மாதக் கட்டணம். 1.73 என்ற எண்ணில் கூலி மட்டும் தெரிந்தது. ஆபத்து இன்னும் நடக்காததால் கணக்குக்குள் வரவே இல்லை.

இது வெறும் தாள் கணக்கு அல்ல. அமெரிக்காவில் XIV என்ற பெயரில் ஒரு முதலீட்டுப் பத்திரம் விற்கப்பட்டது. சந்தையின் பதற்றத்தை அளக்கும் VIX குறியீட்டின் பெயரைத் தலைகீழாக எழுதிய பெயர் அது. சந்தை அமைதியாக இருக்கும்வரை அது இலாபம் தரும். 2017 மிக அமைதியான ஆண்டு. அந்த ஓர் ஆண்டில் அதன் விலை ஏறக்குறைய மூன்று மடங்கானது. 2018 பிப்ரவரி 5 அன்று எஸ் அண்ட் பி 500 குறியீடு 4 விழுக்காடு சரிந்தது. VIX ஒரே நாளில் 17-லிருந்து 37-க்குத் தாவியது. XIV தன் மதிப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இழந்தது. அதை வெளியிட்ட கிரெடிட் சுவிஸ் வங்கி அந்த மாதத்திலேயே அதை மூடிவிட்டது.

இன்னொரு வினோதமும் உண்டு. நம் காப்புறுதி நிதி அந்த இருபத்தைந்தாவது மாதத்தில் 30 விழுக்காடு இழப்பதற்குப் பதிலாக 30 விழுக்காடு இலாபம் ஈட்டியதாக வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். விகிதம் 1.73-லிருந்து ஏறக்குறைய 1.13-க்கு இறங்கிவிடும்! திட்ட விலக்கத்துக்கு ஏற்றமும் இறக்கமும் ஒன்றுதான். சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதே அதற்கு முக்கியம். இந்தக் குறையைச் சரிசெய்யவே இறக்கத்தை மட்டும் அளக்கும் சார்ட்டினோ விகிதம் வந்தது. ஆனால் அதுவும் நடந்து முடிந்த மாதங்களையே பார்க்கிறது. 24 மாதங்களில் வராத சரிவு அதற்கும் தெரியாது.

ஆகவே உயர்ந்த விகிதத்தைக் கண்டால் நான் முதலில் கேட்பது, இந்த இலாபம் யாரிடமிருந்து, எதற்காக வருகிறது என்பதைத்தான். பிறர் தவிர்க்க விரும்பும் ஒரு சரிவைத் தாங்குவதற்கான கட்டணம் என்றால், கடந்த இலாபங்களின் ஏற்ற இறக்கம் அந்த நிதியின் ஆபத்தைச் சொல்லாது. அடுத்து, கணக்கிட்ட காலத்தில் 2008-ஐப் போலவோ 2020 மார்ச்சைப் போலவோ ஒரு சரிவு அடங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். அடங்கியிருந்தால், உச்சத்திலிருந்து அடிமட்டம்வரை நிதி அப்போது எவ்வளவு இழந்தது என்பதை அதே விவரத்தாளில் தேடலாம். சிறு சிறு இலாபங்கள் நிறைய, பெரிய நட்டம் ஒன்றுகூட இல்லை, காலமோ இரண்டு மூன்று ஆண்டுகள்தான் என்றால், அது நம் காப்புறுதி நிதியின் முதல் 24 மாதங்களைப் போலத்தான் இருக்கும்.