விளையாட்டு மலையில் தண்ணீர் ஓட வழி உண்டா?

கணினி விளையாட்டுகளில் வரும் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரைகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பல விளையாட்டுகளில் கணக்குதான் அவற்றை உருவாக்குகிறது. அந்தக் கணக்கில் மலை எளிதாக வந்துவிடும். ஆனால், மழைநீர் வழிந்தோடும் ஓடை தானாக வராது.

கணினிக்கு நிலம் என்பது கட்டம் போட்ட தாள். நீளவாக்கில் 512 கட்டம், அகலவாக்கில் 512 கட்டம், ஒரு கட்டம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த இடத்தின் உயரம் ஓர் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். இதற்கு ஹைட்மேப், அதாவது உயர வரைபடம் என்று பெயர்.

கட்டங்களில் குலுக்கல் முறையில் எண்களைப் போட்டால் நிலம் ஆணிப்படுக்கைபோல் ஆகிவிடும். இதற்குத் தீர்வு தந்தவர் அமெரிக்கரான கென் பெர்லின். 1982இல் வந்த 'டிரான்' படத்தில் பணியாற்றிய பிறகு அவர் உருவாக்கிய முறை 'பெர்லின் நோய்ஸ்' எனப்படுகிறது. அதற்காக 1997இல் ஆஸ்கார் தொழில்நுட்ப விருதும் பெற்றார். நோய்ஸ் என்றாலும் இதில் சத்தம் எதுவும் இல்லை. பக்கத்துப் பக்கத்து இடங்களுக்குப் பெரிய வேறுபாடில்லாத எண்கள் கிடைப்பதால் நிலம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும்.

ஒரே அடுக்கு நோய்ஸ் என்றால் மொழுமொழு மேடுகள்தான் கிடைக்கும். அதனால் அடுக்கு மேல் அடுக்காகக் கூட்டுகிறார்கள். முதல் அடுக்கின் மேடுகள் 256 மீட்டர் இடைவெளியில், 100 மீட்டர் உயரம் வரை எழும். அடுத்தது 128 மீட்டர் இடைவெளி, 50 மீட்டர் உயரம். இப்படி இரண்டையும் பாதியாக்கிக்கொண்டே ஐந்து அடுக்குகள் போடலாம். ஓர் இடத்தில் அவை முறையே 70, 20, 20, 6.25, 1.25 மீட்டர் தந்தால், அந்த இடத்தின் உயரம் 117.5 மீட்டர்.

தூரத்தில் இருந்து பார்த்தால் அசல் மலைதான். கிட்டே போனால் குறை தெரியும். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும்விடத் தாழ்ந்த கட்டங்களை எண்ணிப் பார்த்தால், நிலம் முழுவதும் குழிகள் சிதறிக் கிடக்கும். தண்ணீர் ஊற்றினால் அங்கங்கே தேங்குமே தவிர, கீழே போய்ச் சேராது. நோய்ஸ் ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகவே கணக்கிடுகிறது. மேலே இருந்து என்ன வழிந்து வருகிறது என்பது அதற்குத் தெரியாது.

மறுநடவுக்காக மரங்களை வெட்டிய தோட்டத்துக் குன்றில், நாலு மழைக்குப் பிறகு வாய்க்கால் விழுந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த கட்டம் எளிதில் விளங்கும். கணினியும் அந்த மண்ணரிப்பையே நடத்துகிறது. எங்காவது ஒரு கட்டத்தில் ஒரு துளியை விடுகிறது. துளி சரிவைப் பார்த்து இறங்குகிறது. சரிவு செங்குத்தாகி வேகம் கூடினால் மண்ணை அள்ளுகிறது. சமதளத்தில் வேகம் குறைந்தால் இறக்கிவிடுகிறது. முப்பது அடி எடுத்து வைப்பதற்குள் வற்றிவிடும். இப்படி ஒரு லட்சம் துளிகள் விட்டால், முன்னே போனவை வெட்டிய பள்ளத்தில் பின்னே வருபவை சேர்ந்து ஓடை உருவாகும். அடிவாரத்தில் மண் விசிறிபோல் பரவும். குழிகளை மறுபடி எண்ணினால் குறைந்திருக்க வேண்டும்.

இதில் வழக்கமாக நேரும் தவறுகள் இரண்டு. துளி தான் நிற்கும் ஒரே கட்டத்தில் மண்ணை அள்ளினால், மலை முழுக்க நகத்தால் கீறியதுபோல் மெல்லிய கோடுகள் விழும். சுற்றிலும் மூன்று கட்டத் தொலைவு வரை பகிர்ந்து அள்ளினால் இது சரியாகும். மற்றொன்று கோப்பில் சேமிக்கும்போது நேர்வது. 8 பிட் படத்தில் 256 உயரங்களுக்கே இடமுண்டு. 200 மீட்டர் மலை என்றால் ஒரு படி ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். வழவழப்பான சரிவு படிக்கட்டாகிவிடும். 16 பிட்டில் அதே படி 3 மில்லிமீட்டர்தான்.

எல்லா விளையாட்டுக்கும் இந்த மழை பொருந்தாது. மைன்கிராஃப்ட் உலகத்தை 16-க்கு 16 கட்டத் துண்டுகளாக, விளையாடுபவர் போகப் போக உருவாக்குகிறது. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதே துண்டு கிடைக்க வேண்டும். துளியோ பக்கத்துத் துண்டிலிருந்து ஓடி வருவது. அந்தத் துண்டு இன்னும் உருவாகியே இருக்காது. அதனால் அந்த விளையாட்டில் 'அரிப்பு' என்று பெயரிட்டிருப்பதும் இன்னொரு நோய்ஸ்தான். அதில் துளி எதுவும் ஓடுவதில்லை. எல்லை உள்ள நிலத்திலோ, முன்கூட்டியே ஒரு முறை மழையைப் பெய்யவைத்துச் சேமித்துவிடலாம்.