இறங்கும்போது ஈஸி, ஏறும்போது? ட்ரெக்கிங் மேப்பையும் உயர கிராஃபையும் படிப்பது எப்படி?

அமெரிக்காவில் இருக்கும் மகன், மகள் வீட்டுக்குப் போகும் நம்மூர் பெற்றோர் பலர் தவறாமல் போய் வரும் இடம் அரிசோனாவின் கிராண்ட் கேன்யன். விளிம்பில் நின்று செல்ஃபி எடுத்ததும், ‘கொஞ்ச தூரம் கீழ இறங்கிப் பார்ப்போமா?’ என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். பாதை அகலமாக இருக்கும், இறக்கம்தான், காலை நேரம் என்பதால் குளிராகவும் இருக்கும். அப்படியே இரண்டு மணி நேரம் இறங்கிவிடுவார்கள். திரும்பிப் பார்க்கும்போதுதான் நிலைமை புரியும்.

சாதாரண மலையில் முடியாவிட்டால் பாதியிலேயே திரும்பி இறங்கிவிடலாம். பள்ளத்தாக்கில் அது நடக்காது. முதலில் இறக்கம், களைத்துப்போன பிறகு ஏற்றம். இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடும் இரண்டு விஷயங்கள் மேப்பும், அதோடு வரும் உயர கிராஃபும்தான். அங்கே அதிகம் பேர் நடக்கும் பிரைட் ஏஞ்சல் பாதையை வைத்தே பார்ப்போம்.

கோடுகள் என்ன சொல்கின்றன?

பள்ளிக்கூட புவியியலில் படித்த சம உயரக் கோடுகள் நினைவிருக்கிறதா? ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் எவ்வளவு உயர வித்தியாசம் என்பது மேப்பின் ஓரத்தில் எழுதியிருக்கும். கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமதளம்.

கோடுகளின் மேல் எழுதியிருக்கும் எண்களையும் பார்க்க வேண்டும். கோடு நெருக்கமாக இருப்பது ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒன்றுதான். பாதை போகும் திசையில் எண் குறைந்துகொண்டே போனால் நீங்கள் இறங்குகிறீர்கள். பிரைட் ஏஞ்சல் பாதையில் எண் குறைந்துகொண்டேதான் போகும்.

இன்னொரு விஷயம். செங்குத்தான இடத்தில் பாதை வளைந்து வளைந்துதான் போகும், கொல்லிமலை கொண்டை ஊசி வளைவுகள் மாதிரி. சிறிய மேப்பில் அந்த வளைவுகள் எல்லாம் ஒரே கோடாகச் சுருங்கிவிடும். அதனால் விரலால் அளந்து தூரத்தை முடிவு செய்யக் கூடாது. மேப்பில் அச்சிட்டிருக்கும் தூரத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிராஃபின் வடிவம் ஏமாற்றும்

உயர கிராஃபில் கீழே தூரம், இடது பக்கம் உயரம். செல்போன் ஆப்கள் கிராஃபைத் திரைக்குள் பொருத்துவதற்காக இழுத்துவிடும். 100 மீட்டர் குன்றும் 1,000 மீட்டர் மலையும் திரையில் ஒரே மாதிரி தெரியும். அதனால் படத்தின் வடிவத்தை நம்பாமல் இடது பக்க எண்ணைப் பாருங்கள்.

பிரைட் ஏஞ்சல் பாதை தொடங்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,085 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 7.2 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஹவசுபாய் கார்டன்ஸ் சுமார் 1,160 மீட்டர். அதாவது 925 மீட்டர் இறக்கம். மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால், திரும்பும்போது ஏற வேண்டியது 300 மாடிக்கும் மேல்!

இந்த 7.2 கிலோமீட்டரை மூன்று துண்டாகப் பிரித்தால் இன்னும் தெளிவாகும். வழியில் ஒவ்வொரு ஒன்றரை மைலுக்கும், அதாவது 2.4 கிலோமீட்டருக்கும், ஒரு ரெஸ்ட்ஹவுஸ் இருக்கிறது. பெயர்களே ‘ஒன்றரை மைல்’, ‘மூன்று மைல்’தான். விளிம்பிலிருந்து முதல் துண்டு சுமார் 340 மீட்டர் இறங்குகிறது. இரண்டாவது 300, மூன்றாவது 290. இருப்பதிலேயே செங்குத்தானது முதல் துண்டு. திரும்பும்போது கடைசியாக வரப்போவதும் அதேதான். கால் ஓய்ந்த நேரத்தில் 110 மாடி பாக்கி இருக்கும்.

எத்தனை மணி நேரம் ஆகும்?

ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நைஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இதன்படி கார்டன்ஸ் போய்த் திரும்பும் 14.4 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம், 925 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம். மொத்தம் நாலரை மணி நேரம்.

ஆனால் பூங்கா நிர்வாகம் இதே பாதைக்குச் சொல்வது 6 முதல் 9 மணி நேரம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? நைஸ்மித் கணக்கு நிற்காமல் நடக்கும், உடல் பழகிய ஆளுக்கானது. ஓய்வு, சாப்பாடு, வெயில் எதுவும் அதில் இல்லை. பழக்கம் இல்லாதவர்கள் அந்த விடையை ஒன்றரை மடங்கு ஆக்கிக்கொண்டால் நிஜத்துக்குப் பக்கத்தில் வரும். பள்ளத்தாக்கில் இன்னொரு எளிய கணக்கும் உண்டு: இறங்க ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏற ஆகும்.

இப்போது ஜூன் மாதக் காலை 5 மணிக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். ஏழரைக்குக் கார்டன்ஸ், அரை மணி நேரம் ஓய்வு. 8 மணிக்கு ஏற ஆரம்பித்தால் மேலே வர பகல் ஒரு மணி ஆகிவிடும். கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை பாதையில் ஏறவே வேண்டாம் என்கிறது பூங்கா நிர்வாகம். ஜூலையில் விளிம்பில் சராசரி பகல் வெப்பம் 29 டிகிரி, அடியில் ஆற்றங்கரையில் 41 டிகிரி. கிராஃபில் கீழே போகப் போக வெயிலும் ஏறுகிறது என்று அர்த்தம்.

அதே 5 மணிக்குக் கிளம்பி மூன்று மைல் ரெஸ்ட்ஹவுஸில் திரும்பினால்? ஆறரைக்கு அங்கே, கால் மணி நேரம் ஓய்வு, பத்து மணிக்குள் மேலே. கோடையில் நல்ல நடைப் பழக்கம் உள்ளவருக்கு அதுதான் எல்லை. அப்பா, அம்மாவோடு போனால் ஒன்றரை மைலே போதும், அதுவே போய்வர 2 முதல் 4 மணி நேரம்.

ஆறு வரை போய் அன்றே திரும்பும் யோசனையே வேண்டாம். அதற்கு எதிராக அங்கே எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் எங்கே?

மேப்பில் நீலக் கோடு இருந்தால் தண்ணீர் இருக்கும் என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. விட்டு விட்டு வரையப்பட்ட நீலக் கோடு என்றால் சில மாதங்கள் மட்டுமே ஓடும் ஓடை. ஓடும் தண்ணீரையும் சுத்திகரிக்காமல் குடிக்க முடியாது.

குழாய்க் குறியீடும் அப்படித்தான். இரண்டு ரெஸ்ட்ஹவுஸ் குழாய்களிலும் பொதுவாக மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைதான் தண்ணீர் வரும். குளிர்காலத்தில் குழாய் உறைந்துவிடும் என்பதால் மூடிவிடுவார்கள். கார்டன்ஸில் வழக்கமாக ஆண்டு முழுக்க வரும். ஆனால் தண்ணீர் கொண்டுவரும் பழைய பைப்லைன் அடிக்கடி உடையும். எந்தக் குழாய் வேலை செய்கிறது என்பதை அன்றைய தேதிக்கு பூங்காவின் இணையதளத்திலோ, ரேஞ்சரிடமோ கேட்டுத்தான் இறங்க வேண்டும்.

கேட்ட பிறகு, தண்ணீர் இல்லாத நீளத்தை மணி நேரமாக மாற்றுங்கள். வெயிலில் ஏறும்போது மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை தேவைப்படும். ரெஸ்ட்ஹவுஸ் குழாய்கள் வேலை செய்தால், ஒன்றிலிருந்து அடுத்தது வரை ஏற ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், ஒன்றரை லிட்டர் போதும். இரண்டும் மூடியிருந்தால் கார்டன்ஸிலிருந்து விளிம்பு வரை ஐந்து மணி நேரம் குழாயே கிடையாது. முக்கால் லிட்டர் வீதம் பார்த்தாலும் நாலு லிட்டர், அதாவது முதுகில் நாலு கிலோ. அந்த எடையோடு 300 மாடி ஏற முடியுமா என்பதை மேலேயே யோசித்துக்கொள்ள வேண்டும்.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாலும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். இடையிடையே உப்புக் கடலை, சிப்ஸ் மாதிரி ஏதாவது சாப்பிட வேண்டும்.

இறங்கும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒன்றரை மைல் ரெஸ்ட்ஹவுஸை அடைந்ததும் வாட்ச்சைப் பாருங்கள். அங்கே வர 45 நிமிடம் ஆகியிருந்தால் மேலே சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தும். ஒரு மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் அங்கேயே தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.