விற்பனையில் பங்கு, நட்டத்தில் இல்லை

“மொத்தம் பத்து லட்சம் சார். கடை, மெஷின், ட்ரெயினிங் எல்லாம் அதுலயே அடக்கம். நீங்க சாவி வாங்கிட்டு கல்லாவுல உட்கார்ந்தா போதும்.”

தொழில் கண்காட்சிகளில், டீக்கடை ஃபிரான்சைஸ் தரும் ஸ்டால்களில் இந்தப் பேச்சைக் கேட்காமல் நகர முடியாது. விருப்ப ஓய்வுப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்குச் செல்வம் என்று பெயர் வைப்போம். ஒரு நாளைக்கு 400 டீ ஓடும் என்கிறார் ஸ்டால்காரர். டீ 15 ரூபாய் என்றால் 6,000 ரூபாய். வடை, பன், பிஸ்கட்டில் இன்னும் 2,000. ஆக, மாதம் 2,40,000 ரூபாய் விற்பனை. ராயல்டி ஆறு சதவீதம்தான்.

அந்த ‘தான்’ என்ற இடத்தில்தான் செல்வம் பேனாவை எடுக்க வேண்டும். பால், டீத்தூள், பலகாரச் சரக்குக்கு விற்பனையில் 45 சதவீதம் போகிறது என்று கொள்வோம். அது 1,08,000. கடை வாடகை 25,000. மூன்று பேர் சம்பளம் 45,000. கரன்ட், கேஸ், இதர செலவு 15,000. மிச்சம் 47,000 ரூபாய். இதிலிருந்து ராயல்டி 14,400 போகும். ராயல்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதை ஸ்டாலில் யாரும் சொல்வதில்லை. அது 2,592. சாதாரணமாக ஒரு வியாபாரி, வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஐந்து சதவீத ஜிஎஸ்டி போடும் உணவுக் கடைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. 18 சதவீதமும் கைக்காசுதான். கடைசியில் செல்வத்துக்கு நிற்பது ஏறக்குறைய 30,000 ரூபாய்.

இனி விற்பனை கால்வாசி குறைந்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். மாதம் 1,80,000. சரக்குச் செலவு 81,000 ஆகக் குறையும். வாடகையும் சம்பளமும் கரன்ட்டும் குறையாது, அதே 85,000. மிச்சம் 14,000. ராயல்டியும் அதற்கான வரியும் சேர்ந்து 12,744. விடிகாலை நான்கு மணிக்குப் பால் வாங்கக் கிளம்பும் செல்வத்துக்குக் கிடைப்பது 1,256 ரூபாய். அவரை விட எட்டு மடங்குக்கும் அதிகமான பணம் கம்பெனிக்குப் போகிறது. இதில் மோசடி எதுவும் இல்லை. ராயல்டி லாபத்தில் கணக்கிடப்படுவதில்லை, விற்பனையில் கணக்கிடப்படுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே ‘ராயல்டி எத்தனை சதவீதம்’ என்பதோடு கேள்வியை நிறுத்தக் கூடாது. எதை விற்பனை என்று எடுத்துக்கொள்கிறீர்கள்? டெலிவரி ஆப் பிடித்துக்கொள்ளும் கமிஷனுக்கு முன்பா, பின்பா? குறைந்தபட்ச ராயல்டி என்று ஒரு தொகை உண்டா? விளம்பரத்துக்குத் தனியாக வசூல் உண்டா? ‘எங்களிடம் ராயல்டியே கிடையாது’ என்று சொல்லும் கம்பெனியிடம் வேறொரு கேள்வி இருக்கிறது. டீத்தூள், மசாலா, கப் எல்லாம் உங்களிடம்தான் வாங்க வேண்டுமா, என்ன விலைக்கு? வெளியே 350 ரூபாய்க்குக் கிடைக்கும் தூளை 500 ரூபாய்க்கு வாங்கியே ஆக வேண்டும் என்றால், அந்த 150 ரூபாய் வேறு பெயரில் வரும் ராயல்டி. விலையைக் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அடுத்தது ஏரியா. “மூணு கிலோமீட்டருக்கு வேற யாருக்கும் தரமாட்டோம் சார்” என்பார்கள். ‘வேற யாருக்கும்’ என்றால் கம்பெனியே அங்கே சொந்தக் கடை திறக்கலாமா? பெட்ரோல் பங்கில் ஒரு கியாஸ்க் வைக்கலாமா? அதே கம்பெனி வேறு பெயரில் காபிக்கடை போடலாமா? பக்கத்துக் கிளை, செல்வத்தின் தெருவுக்கு ஆப் மூலம் டெலிவரி செய்யலாமா? ஏரியா உரிமை என்பது எல்லாக் கம்பெனியும் தரும் பொருளும் அல்ல. அமெரிக்காவில் சப்வே நிறுவனம், தன்னிடம் ஃபிரான்சைஸ் எடுப்பவருக்குத் தனி ஏரியா கிடைக்காது என்பதைத் தன் ஆவணத்திலேயே எழுதித் தருகிறது.

அந்த ஆவணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்க விதிப்படி, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கவோ பணம் வாங்கவோ 14 நாட்களுக்கு முன்பே ஃபிரான்சைஸ் கம்பெனி ஒரு விவர ஆவணத்தைத் தந்தாக வேண்டும். அதில் 23 தலைப்புகள் உண்டு. கட்டணங்கள், கம்பெனி மீதுள்ள வழக்குகள், கணக்கு வழக்கு எல்லாம் வரும். எத்தனை கடைகள் திறந்தன, எத்தனை மூடின என்பதோடு, சமீபத்தில் விலகியவர்களைத் தொடர்புகொள்ளும் விவரமும் வரும். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், வணிகச் சின்னச் சட்டம் போன்ற பொதுச் சட்டங்களை வைத்துத்தான் காரியம் நடக்கிறது. அங்கே சட்டம் வாங்கித் தருவதை இங்கே செல்வம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மூடிய கடைகளின் பட்டியலைத்தான் முதலில் கேட்க வேண்டும். நடக்கும் கடைகளின் நம்பரைக் கம்பெனி சந்தோஷமாகத் தரும், அதுவும் நன்றாக நடக்கும் கடைகளாகப் பார்த்து. மூடியவரிடம் பேசினால்தான் உபகரணங்களை என்ன விலைக்குத் திரும்ப எடுத்தார்கள், டெபாசிட் வந்ததா, மீதி ஒப்பந்தக் காலத்துக்குப் பணம் கேட்டார்களா என்பது தெரியும். “அப்படி யாருமே மூடலை சார்” என்று பதில் வந்தால், பழைய விளம்பரத்தில் இருக்கும் கிளை முகவரிகளைக் குறித்துக்கொண்டு ஒரு நாள் வண்டியை எடுத்துச் சுற்றி வந்துவிடலாம்.

கம்பெனி விற்பது தன் பெயரை. அந்தப் பெயர் அவர்களுடையதுதானா என்பதை வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். உணவுக்கடைச் சேவை 43ஆம் வகுப்பில் வரும். விண்ணப்பம் போட்டதுமே சின்னம் சொந்தமாகிவிடாது. ஆட்சேபம், எதிர்ப்பு என்ற நிலையிலேயே வருடக்கணக்கில் நிற்பதும் உண்டு. அந்த நிலையில் இருக்கும் பெயருக்குச் செல்வம் லட்சங்களைக் கட்டினால், நாளை போர்டை மாற்றும் செலவும் அவர் தலையில்தான்.

பயிற்சியும் உதவியும் பேச்சில் பெரிதாகவும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகவும் இருக்கும். டீக்கடையில் பயிற்சி யாருக்கு என்பதே முக்கியம். மாஸ்டருக்கு ஏழு நாள் சொல்லிக்கொடுத்தார்கள் என்றால், அவர் மூன்றாம் மாதம் ஊருக்குப் போய்விட்டால் புது மாஸ்டருக்கு யார் சொல்லித்தருவது? மாற்று ஆள் கம்பெனி அனுப்புமா, சம்பளம் யார் தருவது? மெஷின் பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்? இவற்றுக்கு எண்ணில் பதில் வேண்டும். அந்தப் பதிலை மின்னஞ்சலில் கேட்டு வாங்கி, ஒப்பந்தத்தின் இணைப்பாகவும் சேர்க்கச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பல ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில், இதில் எழுதியிருப்பது மட்டுமே செல்லும், முன்பு பேசியது எதுவும் செல்லாது என்று ஒரு ஷரத்து இருக்கும். ஸ்டாலில் சொன்ன 400 டீயும் அந்த ‘முன்பு பேசியதில்’ அடக்கம்.

“இன்னைக்கே டோக்கன் அட்வான்ஸ் போட்டீங்கன்னா ஃபீஸ்ல ஒரு லட்சம் குறைப்போம்” என்று இழுத்துப் பிடித்தவரிடம், அது திரும்ப வருமா என்று கேட்டார் செல்வம். வராது என்று பதில் வந்தது. விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் விடிகாலை அந்தக் கம்பெனியின் ஒரு கிளைக்கு எதிரே பைக்கை நிறுத்தி, கையில் ஒரு குயர் நோட்டோடு உட்கார்ந்தார். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை, கைமாறும் ஒவ்வொரு டீக்கும் ஒரு கோடு. வியாழக்கிழமை 231. வெள்ளிக்கிழமை 218. சனிக்கிழமை மழை, 164.