1,200 பாயிண்டின் விலை 991 ரூபாய்

போன ஜூனில் மகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்ட லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். முதல் டெர்முக்கு 60,000 ரூபாய். பள்ளியின் இணையதளத்தில் கிரெடிட் கார்டு என்பதைத் தொட்டதும், தொகைக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி முளைத்தது. கன்வீனியன்ஸ் ஃபீ 840 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 151 ரூபாய் 20 காசு. மொத்தம் 60,991 ரூபாய் 20 காசு. பக்கத்தில் நின்றிருந்த மனைவி, "ஏங்க, ஆயிரம் ரூபாய் கூடக் காட்டுதே?" என்றாள். "கார்டில் பாயிண்ட் வரும், சரியாப்போயிடும்" என்று சொல்லிவிட்டு ஓடிபியைத் தட்டினேன். சரியாகப் போகவில்லை. எவ்வளவு போகவில்லை என்பதைப் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

முதலில், இந்தக் கட்டணம் எங்கிருந்து வருகிறது? நாம் கார்டில் கட்டும் ஒவ்வொரு ரூபாயிலும் கார்டு கொடுத்த வங்கி, கார்டு நிறுவனம், இடையில் நிற்கும் பேமென்ட் கேட்வே மூன்றுக்கும் பங்கு உண்டு. துணிக்கடையில் இதைக் கடைக்காரரே தன் லாபத்திலிருந்து கொடுத்துவிடுகிறார். கார்டு வாங்க மறுத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பது அவருக்குத் தெரியும். பள்ளிக்கும், மாநகராட்சிக்கும், வருமான வரித் துறைக்கும் அந்தக் கவலை இல்லை. கட்ட வேண்டிய தொகை முழுசாக வந்து சேர வேண்டும். அதனால் செலவு நம் தலையில் வைக்கப்படுகிறது. அதற்கு வைத்த பெயர்தான் கன்வீனியன்ஸ் ஃபீ. இது வரியிலோ பள்ளிக் கட்டணத்திலோ சேராது. பிறகு வரி அதிகமாகக் கட்டியதாக ரீஃபண்ட் வந்தாலும், இந்தப் பணம் திரும்பாது.

என் கணக்குக்கு வருகிறேன். கட்டணம் 1.4 சதவீதம் என்றுதான் போட்டிருந்தது. 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் அது 1.65 ஆகிவிடுகிறது. அதாவது நூறு ரூபாய்க்கு 1 ரூபாய் 65 காசு மதிப்புள்ள பாயிண்ட் கிடைத்தால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும். என் கார்டில் நூறு ரூபாய்க்கு 2 பாயிண்ட். கேட்க நன்றாக இருக்கிறது. 60,000 ரூபாய்க்கு 1,200 பாயிண்ட். ஆனால் என் வங்கியில் ஒரு பாயிண்டின் மதிப்பு 25 காசுதான். ஆக 300 ரூபாய். அதைப் பரிசுக் கூப்பனாக மாற்ற, ஒவ்வொரு முறையும் 99 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கிறார்கள், சுமார் 117 ரூபாய். இந்தப் பாயிண்டை மட்டும் தனியாக மாற்றினால் கையில் நிற்பது 183 ரூபாய்.

இன்னொரு லாபத்தையும் விட்டுவிடக் கூடாது என்று அதையும் எழுதிப் பார்த்தேன். கார்டில் கட்டினால் பில் வந்து பணம் கட்டும் வரை என் 60,000 ரூபாய் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கும். 45 நாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை சதவீத வட்டிக்கு 185 ரூபாய் வருகிறது. இரண்டையும் கூட்டினால் 368. கொடுத்தது 991. அன்றைக்கு என் கையைவிட்டுப் போனது 623 ரூபாய். அந்தப் பணத்துக்கு நான் வாங்கியது ஒன்றுமில்லை.

இதுவும் பாயிண்ட் வந்தால் என்ற கணக்குதான். வராமலே போகலாம் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் ஸ்டேட்மென்டைக் கொண்டுவந்து காட்டியபோதுதான் தெரிந்துகொண்டேன். அவரும் மகனுக்கு 60,000 ரூபாய்தான் கட்டியிருந்தார். ஆனால் பள்ளியின் இணையதளத்தில் கட்டவில்லை. எல்லா பில்லும் கட்டுகிற ஒரு செயலியில் கட்டினார். செயலி 1 சதவீதம்தான் கேட்டது, ஜிஎஸ்டியோடு 708 ரூபாய். என்னைவிட அவருக்குக் குறைவு என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த மாத ஸ்டேட்மென்டில் தனியாக இன்னொரு வரி இருந்தது. கார்டு கொடுத்த வங்கி தன் பங்குக்கு 1 சதவீதம் பிடித்திருந்தது, ஜிஎஸ்டியோடு 700 ரூபாய்க்கு மேல். பாயிண்ட் பூஜ்யம். "சார், பணம் கட்டும்போது இது எந்த ஸ்க்ரீனிலும் வரலையே" என்று ஆதங்கப்பட்டார். அவர் சொன்னது நிஜம். வங்கியின் கட்டணம் பணம் கட்டும் பக்கத்தில் தெரியாது. ஸ்டேட்மென்டில்தான் முகம் காட்டும்.

இது அவருக்கு மட்டும் நடந்த விபத்து இல்லை. வாடகையில் தொடங்கிய வழக்கம் இது. 2022 அக்டோபர் 20 முதல் ஐசிஐசிஐ வங்கி கார்டு வழி வாடகைக்கு 1 சதவீதக் கட்டணம் கொண்டுவந்தது. மற்ற வங்கிகளும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன, வாடகைக்குப் பாயிண்டையும் நிறுத்தின. அதற்குக் காரணமும் இருந்தது. வீட்டுக்காரர் என்று மனைவியின் கணக்கையோ நண்பரின் கணக்கையோ போட்டு, கார்டிலிருந்து பணத்தை எடுத்து, பாயிண்டையும் வாங்கிக்கொண்டு, அதே பணத்தில் பில்லைக் கட்டியவர்கள் நிறையப் பேர். வாடகையின் பெயரில் நடந்த ரொக்க சுழற்சி அது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் வந்தன. பேமென்ட் நிறுவனங்கள் தங்களோடு ஒப்பந்தம் போட்ட வணிகர்களுக்காக மட்டுமே பணம் வசூலிக்கலாம் என்றது அது. வீட்டுக்காரர் எங்கே ஒப்பந்தம் போட்டார்? பெரிய செயலிகள் பல, கார்டில் வாடகை கட்டும் வசதியையே எடுத்துவிட்டன. மிச்சம் இருக்கும் வழிகளில் கட்டணமும் உண்டு, பாயிண்டும் பெரும்பாலும் இல்லை. ஆகவே வாடகையைப் பொறுத்தவரை கணக்கே போட வேண்டியதில்லை.

பள்ளிக் கட்டணத்தில் யார் வழியாகக் கட்டுகிறோம் என்பதுதான் வித்தியாசம். எஸ்பிஐ கார்டு 2025 நவம்பர் 1 முதல், வெளிச் செயலிகள் வழியாகக் கட்டும் கல்விக் கட்டணத்துக்கு 1 சதவீதம் வசூலிக்கிறது. பள்ளி, கல்லூரியின் சொந்த இணையதளத்திலோ அங்குள்ள கார்டு மெஷினிலோ கட்டினால் அது கிடையாது. இதை வங்கி எப்படிக் கண்டுபிடிக்கிறது? பணம் பெறும் ஒவ்வொருவருக்கும் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு, எம்சிசி என்பார்கள். பள்ளிக்கு 8211, வாடகைக்கு 6513, வரிக்கு 9311. கார்டைத் தேய்த்ததும் இந்த எண் வங்கிக்குப் போய்விடும். பாயிண்ட் உண்டா இல்லையா என்பதை இந்த எண்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நம் கார்டின் விதிகளில் "கல்வி, வாடகை, அரசுக் கட்டணங்களுக்குப் பாயிண்ட் இல்லை" என்ற வரியைத் தேடிப் பார்த்தால் பாதி கேள்வி தீர்ந்துவிடும்.

விதியைப் படித்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு வழி உண்டு. பஸ் கட்டணம், சீருடைக்கான தொகை என்று பள்ளி தனியாக வாங்கும் சின்ன ரசீதை, அதே இணையதளத்தில், அதே கார்டில் முதலில் கட்டுங்கள். எஸ்எம்எஸ்ஸில் பள்ளியின் பெயர் வருகிறதா, செயலியின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்டேட்மென்ட் வரும்வரை பொறுத்து, அந்தத் தொகைக்குப் பாயிண்ட் விழுந்திருக்கிறதா, தனியாக ஒரு கட்டணம் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். 1,500 ரூபாயில் தெரிந்துகொள்ள முடிவதை 60,000 ரூபாய் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாமே.

அப்படியானால் கார்டில் கட்டுவது எப்போதுமே நஷ்டமா? இல்லை. ஒரு இடத்தில் லாபம் நிஜமாகவே இருக்கிறது. என் அண்ணனின் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 1,000 ரூபாய், ஜிஎஸ்டியோடு 1,180. வருஷத்துக்கு 2 லட்சம் செலவழித்தால் அது தள்ளுபடி. வருஷம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அவர் 1,45,000 ரூபாய்தான் செலவழித்திருந்தார். கையில் கட்ட வேண்டிய 60,000 ரூபாய் பள்ளிக் கட்டணம் இருந்தது. 991 ரூபாய் கொடுத்துக் கட்டினார், 1,180 ரூபாய் மிச்சம், மேலே 300 ரூபாய்ப் பாயிண்ட். கணக்குப்படி 489 ரூபாய் லாபம். ஆனால் கட்டும் முன்பே வங்கிக்குப் போன் போட்டு ஒரு கேள்வி கேட்டார்: "கல்விக் கட்டணம் அந்த 2 லட்சத்தில் சேருமா?" சேரும் என்றார்கள். சில வங்கிகள் சேராது என்று விதியிலேயே எழுதியிருக்கின்றன. அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் கட்டியிருந்தால், 991 ரூபாயும் போய் 1,180 ரூபாயும் போயிருக்கும்.

வரிக்கு வருவோம். வருமான வரித் தளத்தின் இ-பே டாக்ஸ் பகுதியில் பேமென்ட் கேட்வே வழியாகக் கார்டில் கட்டலாம். கேட்வேக்குக் கேட்வே கட்டணம் மாறும், ஆகவே கட்டும் பக்கத்தில் தெரியும் தொகையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பாயிண்டுக்காக இங்கே வருவது வீண், அரசுக் கட்டணங்களுக்குப் பல கார்டுகளில் அது கிடையாது. ஆனால் கையில் பணம் இல்லாதவர் கேட்கும் கேள்வி வேறு: கெடு தவறினால் வரும் வட்டியைவிடக் கார்டு கட்டணம் மலிவா? மார்ச் 15 தவணையைத் தவறவிட்டு மாதக் கடைசிக்குள் கட்டினால் வட்டி 1 சதவீதம்தான். கார்டு கட்டணமும் ஜிஎஸ்டியோடு அதைத் தொட்டுவிட்டால், கார்டால் மிச்சம் எதுவும் இல்லை. ஜூன் 15 தவணை அப்படி இல்லை. தவறினால் குறைவுத் தொகைக்கு மூன்று மாத வட்டி, 3 சதவீதம் விழும். அங்கே கார்டு கைகொடுக்கும், பில்லை முழுசாகக் கட்டிவிட முடியுமென்றால் மட்டும்.

அந்த "முழுசாக" என்பதுதான் எல்லாக் கணக்கையும் கவிழ்க்கும் இடம். கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 60,000 ரூபாய்க்கு ஒரு மாதத்துக்கு 2,100 ரூபாய், அதன் மேல் 378 ரூபாய் ஜிஎஸ்டி. வட்டி பில் தேதியிலிருந்து அல்ல, செலவழித்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்று நினைப்பவருக்கு, 300 ரூபாய்ப் பாயிண்ட் எந்த மூலைக்கு?

அக்டோபரில் இரண்டாம் டெர்ம் வந்தது. யுபிஐயில் கட்டினேன். பள்ளி, மருத்துவமனைக் கட்டணங்களுக்கு யுபிஐ வரம்பு 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயரும் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் அறிவித்தது. வரிக்கும் 2024 செப்டம்பர் 16 முதல் அதே வரம்பு வந்துவிட்டது. பழைய வரம்பை நினைத்துக்கொண்டு கார்டைத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வங்கி தன் பங்குக்குக் குறைந்த வரம்பு வைத்திருக்கிறதா என்பதை மட்டும் முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியின் பக்கத்தில் யுபிஐயைத் தொட்டதும், சின்ன எழுத்தில் இருந்த அந்த வரி மறைந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள். மொத்தம் 60,000 என்று மட்டும் இருந்தது.