வங்கிப் பங்குக்குப் புத்தக மதிப்பு ஏன் பொருந்துகிறது?

ஒரு நிறுவனம் தன் சொத்துகளைக் கணக்கில் எழுதியுள்ள விலைக்கே விற்று, கடன்களை எல்லாம் அடைத்தால் பங்குதாரர்களுக்கு மிஞ்சுவதே புத்தக மதிப்பு. பங்கின் சந்தை விலையை ஒரு பங்குக்குரிய புத்தக மதிப்பால் வகுத்தால் பிபி விகிதம் வரும். வங்கிப் பங்கு என்றால் முதலில் பார்க்கப்படும் எண்களில் இது ஒன்று. மென்பொருள் நிறுவனம் என்றால் இதற்கு அவ்வளவு மதிப்பில்லை.

வங்கியின் சொத்து என்பது கொடுத்த கடனும், வாங்கிய அரசுப் பத்திரமும், ரிசர்வ் வங்கியில் வைத்த இருப்பும்தான். எல்லாமே ரூபாய்க் கணக்கு. தவணை ஒழுங்காக வரும் வீட்டுக்கடனில் ஏட்டுத் தொகைக்கும் உண்மை மதிப்புக்கும் பெரிய வித்தியாசம் இராது. சொந்த முதல் எவ்வளவோ அதற்கேற்பத்தான் கடன் கொடுக்க முடியும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே புத்தக மதிப்பு வங்கியின் வருங்கால வியாபாரத்துக்கும் மூலப்பொருள்.

மென்பொருள் நிறுவனத்தில் சம்பாதித்துக் கொடுப்பவர்கள் பொறியாளர்களும், ஆண்டுக்கணக்காகக் கூட இருக்கும் வாடிக்கையாளர்களும். இவர்கள் ஏட்டில் சொத்தாக ஏறுவதே இல்லை. பொறியாளர் சம்பளம் பெரும்பாலும் செலவாகவே கழிந்துவிடுகிறது. 2017-இல் டிசிஎஸ் ஒரு பங்குக்கு 2,850 ரூபாய் கொடுத்து, 16,000 கோடி ரூபாய்க்குத் தன் பங்குகளைத் திரும்ப வாங்கியது. அவ்வளவு பணமும் புத்தக மதிப்பிலிருந்து போய்விட்டது. ஆனால் அதனால் ஒரு வாடிக்கையாளரும் விலகவில்லை, தொழில் இம்மியும் குறையவில்லை. இப்படிப் பணத்தைத் திருப்பித் தரத் தர பிபி விகிதம் ஏறிக்கொண்டே போகும். அதை வைத்து அந்தப் பங்கு விலை அதிகம் என்று சொல்வது தவறு.

வங்கியிலும் ஏட்டை அப்படியே நம்பக் கூடாது. ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு வங்கியின் சொந்த முதல் 100 கோடி, பங்குகள் 10 கோடி. ஒரு பங்கின் புத்தக மதிப்பு 10 ரூபாய். சந்தையில் 8 ரூபாய்க்குக் கிடைக்கிறது, விகிதம் 0.8, மலிவாகத் தெரிகிறது. ஆனால் அதன் வாராக்கடன் 60 கோடி, அதற்காக ஒதுக்கி வைத்தது 20 கோடிதான். மீதி 40 கோடி நிகர வாராக்கடன். அது திரும்பாது என்று கழித்தால் புத்தக மதிப்பு 6 ரூபாயாகிவிடும், விகிதம் 1.33. மலிவு என்று நினைத்த பங்கு மலிவே இல்லை. வங்கி பெரும்பாலும் பிறர் பணத்தில் நடப்பதால், கடனில் சிறு பங்கு கெட்டாலும் சொந்த முதலில் பெரும் பங்கு போய்விடும்.

கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு நேர்ந்தது இதுதான். மொத்த வாராக்கடன் கடன்களில் கிட்டத்தட்ட கால்வாசியைத் தொட்டது. தொடர் நஷ்டம் சொந்த முதலை அரித்தது. இவை காலாண்டு அறிக்கைகளில் வெளிப்படையாகவே இருந்தன. 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கி இந்தியாவுடன் இணைத்தபோது டெபாசிட்தாரர்களின் பணம் தப்பியது. பங்குதாரர்களின் முதல் முழுவதும் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது.